ரன் அவுட் படத்தைக் காதுக்குச் சொல்வது எப்படி: விளையாட்டுப் படங்களுக்கு மாற்று உரையும் ஒலி விவரிப்பும்

விளையாட்டுச் செய்திகளுக்குப் படம் ஏற்றுகிறவர்களில் பலர், படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதைச் சொற்களில் சொல்லும் மாற்று உரைப் பெட்டியைக் கடைசி நிமிடத்தில்தான் நிரப்புகிறார்கள். தலைப்பை அப்படியே நகல் எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பார்வை மாற்றுத்திறனாளி வாசகருக்கு அந்தத் தலைப்பு இரண்டு முறை கேட்கும், படம் ஒரு முறைகூடக் கேட்காது.

ஒரே படத்தை எடுத்துக்கொண்டு முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை செய்து பார்ப்போம். 2019 உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டு, தோனி ரன் அவுட். அந்த ஒரு நொடியைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் இருக்கின்றன. இங்கே எடுத்துக்கொள்வது ஸ்டம்பும் கிரீஸ் கோடும் மட்டையும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிற வகை.

## 1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

படத்தின் பெரிய அளவுக் கோப்பு முதலில் வேண்டும். இணையதளத்துக்காகச் சுருக்கிய படத்தில் மட்டைக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி தெரியாது. இந்தப் படத்தில் விஷயமே அந்த இடைவெளிதான்.

படக்காரர் கோப்போடு அனுப்பிய குறிப்பு அடுத்தது. யார், எந்த ஆட்டம், எந்த நாள் என்பதை முகத்தைப் பார்த்து யூகிக்கக் கூடாது. ஹெல்மெட் போட்ட இருவரை மாற்றிச் சொல்வது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிறது.

பிறகு ஸ்கோர் அட்டையும், படம் எந்தக் கட்டுரையில் எந்தப் பத்திக்குக் கீழே வரப்போகிறது என்ற விவரமும். கடைசியாக, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும், தமிழ்க் குரல் போட்ட ஸ்க்ரீன் ரீடர். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் இருக்கும், விண்டோஸ் கணினிக்கு என்.வி.டி.ஏ இலவசமாகக் கிடைக்கும். எழுதியதைக் காதால் கேட்காமல் வெளியிடப் போகிறீர்கள் என்றால் மற்ற படிகளைச் செய்தும் பெரிய பயனில்லை.

## 2. படத்துக்கு அந்தப் பக்கத்தில் என்ன வேலை என்று கேளுங்கள்

ஒரே படம் இரண்டு கட்டுரைகளில் வந்தால் இரண்டு மாற்று உரை தேவைப்படும். ஆட்ட அறிக்கையில் இந்தப் படம் ஒரு சாட்சி: மட்டை கோட்டைத் தாண்டவில்லை, அதற்குள் பெயில்ஸ் விழுந்துவிட்டது. விளக்கு எரியும் பெயில்ஸ் பற்றிய கட்டுரையில் அதே படத்தின் நாயகன் பெயில்ஸ்தான், தோனி பின்னணி. உலகக் கோப்பைத் தொகுப்புப் பக்கத்தில் வெறும் அலங்காரமாக ஓரத்தில் இருந்தால் மாற்று உரையைக் காலியாக விடுவதே சரி.

காலியாக விடுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றல்ல. `alt=""` என்று போட்டால் ஸ்க்ரீன் ரீடர் அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடும். `alt` என்பதையே போடாமல் விட்டால் சில சமயம் கோப்பின் பெயரை எழுத்தும் எண்ணுமாக வாசிக்கும். கட்டுரையின் நடுவில் ஏழெட்டு எண்களைக் கேட்டு உட்கார்ந்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இந்தக் கேள்வியை முதலில் கேட்காதவர்கள், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி, பிறகு எதை வெட்டுவது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். நம் படம் ஆட்ட அறிக்கையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

## 3. அந்த நொடியின் முடிவை உறுதி செய்யுங்கள்

விளையாட்டுப் படம் பாதிச் செயலில் உறைந்து நிற்கிறது. கோல் கீப்பர் பந்தை நோக்கிப் பாய்கிறார், பந்து விரலுக்கு அருகில் இருக்கிறது. தடுத்தாரா, கோல் விழுந்ததா என்று படம் சொல்லாது. பார்க்கிறவருக்குத் தலைப்பும் பக்கத்துப் படங்களும் ஒரே நேரத்தில் கண்ணில் படும், அதனால் குழப்பம் வராது. கேட்கிறவருக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும். ஆகவே முடிவு மாற்று உரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ரன் அவுட்டில் இது இன்னும் கறார். ஸ்டம்பின் மேலிருந்து ஒரு பெயிலாவது முழுதாக விலகினால்தான் விக்கெட் உடைந்ததாகக் கணக்கு. விளக்கு எரிவது ஒரு அடையாளம், விலகியிருப்பதுதான் விதி. பேட்டர் பக்கம் பார்த்தால், மட்டையோ உடம்போ கிரீஸ் கோட்டைத் தாண்டி உள்ளே தரையில் பட்டிருக்க வேண்டும். கோட்டின் மேலேயே நின்றால் அவுட். எனவே “மட்டை கோட்டில் இருக்கிறது” என்று அசட்டையாக எழுதினால், விதி தெரிந்த வாசகருக்கு ஒரு தீர்ப்பையே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். கோட்டுக்கு வெளியே, கோட்டின் மேல், கோட்டுக்கு உள்ளே என்ற மூன்றில் எது என்று பெரிய கோப்பில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

விதி தெரிந்த வாசகர் என்று சொன்னது சும்மா இல்லை. வானொலி வர்ணனையில் கிரிக்கெட் பழகியவர்களுக்கு ஸ்கொயர் லெக் எங்கே, மிட் ஆன் எங்கே என்று மைதானமே தலைக்குள் இருக்கும். உள்ளே உருளும் மணிகளின் சத்தத்தை வைத்துப் பந்தைக் கணித்து ஆடும் பார்வையற்றோர் கிரிக்கெட்டில் விளையாடியவர்களும் உங்கள் வாசகர்களில் இருக்கலாம். பெயில்ஸ் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அது எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும்.

## 4. தெரிவதையும் தெரிந்ததையும் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் படத்தில் கண்ணால் பார்ப்பது மட்டும். வலப்பக்கம் படத்துக்கு வெளியே நீங்கள் அறிந்தது.

நம் படத்துக்கு இடப்பக்கம் இப்படி வரும்: நீலச் சீருடையில், ஹெல்மெட்டுடன் ஒரு பேட்டர். கையில் இருக்கும் மட்டை கிரீஸை நோக்கி நீள்கிறது. மட்டையின் முனை கோட்டுக்குச் சற்று வெளியே. பெயில்ஸ் ஸ்டம்பை விட்டு விலகி, சிவப்பாக ஒளிர்கிறது. அவர் தரையில் விழுந்து பாயவில்லை, காலில்தான் இருக்கிறார்.

வலப்பக்கம்: 2019 ஜூலை 10, மழையால் தள்ளிப்போன ஆட்டத்தின் மாற்று நாள். நியூசிலாந்தின் 239க்கு எதிரான விரட்டல். ஃபெர்குசன் வீசிய 49வது ஓவரின் மூன்றாவது பந்து. இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டது. தோனி 72 பந்தில் 50. அப்போது 9 பந்தில் 24 ரன் தேவை. கடைசியில் இந்தியா 18 ரன்னில் தோற்றது.

மாற்று உரைக்கான சரக்கு பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து வரும். வலப்பக்கத்திலிருந்து ஆளின் பெயர், நிகழ்வின் முடிவு இரண்டை மட்டும் கடன் வாங்கலாம். மற்றவை படத்துக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கும் கட்டுரைக்கும் உரியவை. இந்தப் பிரிப்பைச் செய்யாதவர்கள் “கப்டில் எறிந்த பந்தில் தோனி ரன் அவுட் ஆகும் காட்சி” என்று எழுதுகிறார்கள். கப்டில் இந்தச் சட்டத்திலேயே இல்லை. தகவல் தவறில்லை, ஆனால் படம் சொல்லப்படவே இல்லை.

பாயவில்லை என்பதைப் பட்டியலில் சேர்த்ததைக் கவனியுங்கள். இல்லாத ஒன்றைப் பொதுவாக எழுத வேண்டாம். ஆனால் ரன் அவுட் என்றவுடன் கேட்கிறவர் மனத்தில் நெஞ்சடித்து விழும் பேட்டர்தான் தானாக வருவார். அந்தத் தவறான படத்தை அழிக்க ஒரு சொல் செலவழிப்பது நியாயம்தான். அவர் ஏன் பாயவில்லை என்பது அதன் பிறகு எவ்வளவோ பேசப்பட்ட விஷயமும்கூட.

## 5. மாற்று உரையை எழுதும் வரிசை

முடிவு முதலில், அதற்குக் காரணமான இடம் அடுத்து, ஆளின் உடல் இருக்கும் விதம் கடைசியில். ஒலியாகக் கேட்கிறவர் எந்த நொடியிலும் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம். முதல் வாக்கியத்தோடு அவர் போய்விட்டாலும் சாரம் கிடைத்திருக்க வேண்டும்.

புதிதாக எழுதுகிறவர்களிடமிருந்து வரும் முதல் வரைவு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்:

“தோனியின் படம்.”

“கோடிக்கணக்கான ரசிகர்களின் கனவு நொறுங்கிய தருணம்.”

முதலாவதில் ஒன்றுமில்லை. அதிலும் “படம்” என்ற சொல் வீண், ஏனென்றால் ஸ்க்ரீன் ரீடரே இது படம் என்று அறிவித்துவிட்டுத்தான் உரையை வாசிக்கும். இரண்டாவதில் எழுதியவரின் மனசு இருக்கிறது, மட்டையும் இல்லை, ஸ்டம்பும் இல்லை. நியூசிலாந்து ரசிகர் ஒருவருக்கும் பொருந்துகிற வரியா என்று கேட்டுப் பாருங்கள்.

வரிசைப்படி எழுதினால்:

“தோனி ரன் அவுட். பெயில்ஸ் ஸ்டம்பை விட்டு விலகிச் சிவப்பாக ஒளிர்கிறது. மட்டையின் முனை கிரீஸ் கோட்டுக்குச் சற்று வெளியே இருக்கிறது. அவர் பாயவில்லை, ஓடியபடி மட்டையை நீட்டுகிறார்.”

நான்கு சிறு வாக்கியம். ஆட்டப் படங்களுக்கு இரண்டு முதல் நான்கு வாக்கியம்வரை போகலாம். அதற்கு மேல் சொல்ல இருந்தால் அது தனியாகக் குரலில் பதியும் ஒலி விவரிப்புக்குப் போகட்டும். மாற்று உரைக்குள் பத்தி பிரிக்க முடியாது, துணைத் தலைப்பு வைக்க முடியாது, எல்லாம் ஒரே ஓட்டமாகக் காதில் விழும்.

நிறத்தை எழுதலாமா என்று கேட்பார்கள். வேலை செய்கிற நிறத்தை எழுதுங்கள். பெயில்ஸின் சிவப்பு விக்கெட் உடைந்ததற்கு அடையாளம், எனவே இருக்கட்டும். கால்பந்தில் நடுவர் கையில் இருப்பது மஞ்சள் அட்டையா சிவப்பு அட்டையா என்பதுதான் செய்தியே. பார்வையாளர் வரிசையில் ஒருவர் போட்டிருக்கும் பச்சைத் தொப்பி யாருக்கும் வேண்டாம். மேலே மாற்று உரையில் நீலச் சீருடையை விட்டதும் இதனால்தான்: தோனி என்ற பெயரே அணியைச் சொல்லிவிடுகிறது.

முகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. “சோகமாக”, “விரக்தியோடு” என்று எழுதும் முன் முகத்தில் என்ன தெரிகிறது என்று எழுதிப் பாருங்கள்: தலை குனிந்திருக்கிறது, உதடு இறுகியிருக்கிறது. ஓடும் வேகத்தில் இறுகிய முகத்துக்கும் துயரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ரன் அவுட் நடக்கும் அந்த நொடியில் பேட்டருக்குத் தான் அவுட் என்பதே தெரிந்திருக்காது!

## 6. தமிழில் காதுக்கு எழுதும்போது வரும் சிக்கல்கள்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். கண்ணுக்கு அது தொல்லையில்லை. காதுக்கு நீண்ட பெயரடைகளை அடுக்கினால் கேட்கிறவர் என்ன நடந்தது என்று தெரியாமல் வாக்கியம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். “நீலச் சீருடை அணிந்து ஹெல்மெட்டுடன் வலது கையில் மட்டையைப் பிடித்தபடி ஸ்டம்பை நோக்கி வேகமாக ஓடிவரும் தோனி…” என்று போய்க்கொண்டே இருந்தால், தோனி வருவதற்குள் பாதி மறந்துவிடும். ஆளை முன்னால் வைத்து வாக்கியத்தை ஒடித்துவிடுங்கள். “தோனி ரன் அவுட்” என்று வினையே இல்லாமல் தொடங்குவது இதற்கு நல்ல வழி. செய்தித்தாள் தலைப்புகளில் பழகிய நடைதான்.

எண்களையும் குறிகளையும் குரல் எப்படி வாசிக்கும் என்று பாருங்கள். 216/8 என்று எழுதினால் சில குரல்கள் சாய்கோட்டைச் சொல்லும், சில விழுங்கிவிடும், சில பின்னமாக வாசிக்கும். “8 விக்கெட்டுக்கு 216” என்று எழுதினால் குழப்பமில்லை. ஆங்கில எழுத்துச் சுருக்கங்களைத் தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் விட்டால் குரல் திடீரென்று மாறும், அல்லது அந்த இடம் ஊமையாகிவிடும். “எல்.பி.டபிள்யூ” என்று தமிழ் எழுத்தில் போடுங்கள்.

இடம், வலம் இரண்டையும் குறைத்துப் பயன்படுத்துங்கள். பார்க்கிறவரின் இடதா, ஆட்டக்காரரின் இடதா என்ற சந்தேகம் எப்போதும் வரும், இடக்கைப் பேட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். அதைவிட மைதானத்தில் அசையாத ஒன்றை நடுவாக வைத்துக்கொள்ளலாம். கிரிக்கெட்டில் ஸ்டம்பு, கால்பந்தில் கோல் கம்பம், கபடியில் நடுக்கோடு. ரைடரின் எந்தக் கை நடுக்கோட்டை நோக்கி நீள்கிறது, கோட்டுக்கு எவ்வளவு தூரத்தில் அவரைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொன்னால் கபடி தெரிந்தவருக்கு மொத்த ஆட்டமும் விளங்கிவிடும்.

## 7. தலைப்பு வரியோடு வேலையைப் பங்கிடுங்கள்

தலைப்பு வரி எல்லாருக்கும் உரியது. ஸ்க்ரீன் ரீடர் மாற்று உரையை வாசித்ததும் அநேகமாக அடுத்து அதையே வாசிக்கும். இரண்டும் ஒன்றையே சொல்லக் கூடாது. வலப்பக்கப் பட்டியலில் மிஞ்சியதை இங்கே வையுங்கள்:

```html
<figure>
  <img src="runout.jpg"
       alt="தோனி ரன் அவுட். பெயில்ஸ் ஸ்டம்பை
       விட்டு விலகிச் சிவப்பாக ஒளிர்கிறது...">
  <figcaption>கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில்
  பட்டபோது 9 பந்தில் 24 ரன் தேவைப்பட்டது.</figcaption>
</figure>
```

மாற்று உரைக்குள் நேர் இரட்டை மேற்கோள் குறி போடாதீர்கள். நிரலில் நேரடியாக எழுதினால் அந்தக் குறி வந்த இடத்தோடு உரை முடிந்துவிட்டதாக உலாவி எடுத்துக்கொள்ளும், மீதி காணாமல் போகும். பக்கம் பார்வைக்கு ஒழுங்காகவே இருப்பதால் யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் கிடக்கும். வேர்ட்பிரஸில் `Alternative Text` பெட்டியில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

## 8. ஒலி விவரிப்பு: மாற்று உரையை நீட்டுவது அல்ல

மாற்று உரை போகிற போக்கில் கேட்பது. ஒலி விவரிப்பை வாசகர் தானாகப் பொத்தானை அழுத்திக் கேட்கிறார், அவருக்குப் படத்துக்குள் நேரம் செலவழிக்க ஆசை இருக்கிறது. அதனால் வரிசை மாறும். முதலில் படத்தின் மொத்தக் காட்சி ஒரு வரியில். பிறகு நடுப்புள்ளி. அங்கிருந்து வெளியே விரியுங்கள். பின்னணி கடைசி. நடுவில் தாவித் தாவிப் போனால் கேட்கிறவர் மனத்தில் வரைந்துகொண்டிருக்கும் படம் கலைந்துவிடும்.

நம் படத்துக்கு ஒரு வரைவு:

“பகல் வெளிச்சத்தில் ஆடுகளத்தின் ஒரு முனை. படத்தில் முதலில் கண்ணை இழுப்பது ஸ்டம்பு. பெயில்ஸ் அதன் மேல் இல்லை, விலகிவிட்டது. உள்ளே இருக்கும் சிவப்பு விளக்கு எரிகிறது. (நிறுத்தம்) ஸ்டம்புக்கு முன்னால் தரையில் கிரீஸின் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், தொட்டுவிடும் தூரத்தில், மட்டையின் முனை. தொடவில்லை. (நிறுத்தம்) மட்டையிலிருந்து மேலே போனால் நீட்டிய கை, நீலச் சீருடை, ஹெல்மெட். தோனி. அவர் விழவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறார். உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. (நிறுத்தம்) பந்தை எறிந்த கப்டில் படத்தில் இல்லை.”

ஆளின் பெயரைப் பின்னால் தள்ளியிருப்பது வேண்டுமென்றே. யார் என்பது மாற்று உரையிலேயே தெரிந்துவிட்டது. இங்கே கண் போகும் பாதையில் காதைக் கூட்டிப்போகிறோம். நிறுத்தங்கள் அலங்காரமில்லை, ஒரு துண்டை மனத்தில் வைத்து முடிக்க அவகாசம். ஒரு முழு நொடி விடுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் அளவில் பேசினால் தமிழுக்குச் சரியாக இருக்கும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் தாண்ட வேண்டாம். கிரிக்கெட் வர்ணனையாளரைப் போல உச்சத்தில் ஏறுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. வர்ணனை நகரும் ஆட்டத்துக்கு, இது நிற்கும் படத்துக்கு. பின்னணி இசையும் ரசிகர் ஆரவாரமும் சேர்க்காதீர்கள். படத்தில் அந்த ஒலி இல்லை, பேச்சையும் அது மூழ்கடிக்கும்.

போனிலேயே பதியலாம். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலுக்குத் திரை இருந்தால் இழுத்து விடுங்கள், போனை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். நேராக வைத்தால் “ப”வும் “ட”வும் மூச்சுக்காற்றோடு வெடிக்கும். பேச்சுக்கு ஒற்றைத் தடமாக 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும், குறைந்த டேட்டாவிலும் ஓடும்.

```html
<p>ஒலி விவரிப்பு: தோனி ரன் அவுட் படம், 40 நொடி</p>
<audio controls preload="none" src="runout.mp3"></audio>
```

`autoplay` போடவே கூடாது. பக்கம் திறந்ததும் உங்கள் குரல் தொடங்கினால் ஸ்க்ரீன் ரீடரின் குரலும் அதன் மேல் பேசும், இரண்டும் புரியாது. நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்கே அவருக்கு ஸ்க்ரீன் ரீடர்தான் வேண்டும்.

## 9. சோதனை

முதலில் திரையை மறைத்துக்கொண்டு நீங்களே கேளுங்கள். டாக்பேக்கில் வேகத்தைக் கூட்டியும் ஒரு முறை கேளுங்கள், பழகியவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். வேகத்தில் மங்கிப்போகும் சொல்லை மாற்றுங்கள்.

அடுத்து, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் மாற்று உரையை மட்டும் கொடுங்கள். பார்வை மாற்றுத்திறனாளி வாசகர் ஒருவர் கிடைத்தால் மிக நல்லது. “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் நாகரிகத்துக்கு ஆமாம் என்பார்கள். “மட்டை எங்கே இருந்தது? அவர் நின்றாரா விழுந்தாரா?” என்று கேளுங்கள். பதில் படத்தோடு ஒத்துப்போகாத இடத்தில்தான் திருத்தம். நம் வரைவில் “பாயவில்லை” என்பதை எடுத்துவிட்டு இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், “விழுந்தார்” என்ற பதில் வரும்.

## 10. மற்ற வகைப் படங்கள், சுருக்கமாக

கோப்பையோடு நிற்கும் குழுப் படத்தில் பதினைந்து பெயரையும் மாற்று உரையில் அடுக்காதீர்கள். கோப்பை யார் கையில், வரிசை எத்தனை என்று சொல்லிவிட்டுப் பெயர்களைத் தலைப்பு வரிக்கு விடுங்கள், அங்கே எல்லாருக்கும் பயன்படும்.

பாரா விளையாட்டுப் படத்தில் உடல் குறையை மறைக்கவும் வேண்டாம், அதையே தலைப்பாக்கவும் வேண்டாம். 2016 ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற உயரம் தாண்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கால் முதலில் கம்பியைத் தாண்டுகிறது, முதுகு கம்பிக்கு எவ்வளவு மேலே என்பது தாண்டும் முறையின் பகுதி, அதனால் எழுத வேண்டும். அவர் மேடையில் பதக்கத்தோடு சிரிக்கும் படத்தில் கால் பேச்சே தேவையில்லை.

வீராங்கனை படங்களில் ஒரு சோதனை போதும்: இதே வரியை ஓர் ஆண் வீரரைப் பற்றி எழுதியிருப்பீர்களா? பின்னலும் கம்மலும் அநேகமாக அங்கேயே கழன்றுவிடும்.

ஸ்கோர் பலகைப் படம் என்றால் அதில் இருக்கும் எழுத்தை அப்படியே தட்டச்சு செய்யுங்கள், விளக்கம் வேண்டாம். ஒரே நிகழ்வின் பத்துப் படங்கள் கொண்ட தொகுப்பு என்றால் முதல் படத்துக்கு மட்டும் மைதானத்தையும் அணிகளையும் சொல்லுங்கள். இரண்டாவது படத்திலிருந்து முந்தைய படத்துக்கும் இதற்கும் என்ன மாறியிருக்கிறதோ அதை மட்டும் எழுதினால் போதும்: பெயில்ஸ் இப்போது தரையில், தோனி முதுகு காட்டி நடக்கிறார்.